கோடும் விலையும் – 14: ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கோடுகள்

"ஏனுங்க, ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணுதானுங்க கிடக்குது? அப்புறம் எதுக்கு ரெண்டு?"

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தரகர் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் திரையைக் காட்டிக் கேட்டார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்திருக்கும் பங்கு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் பல மாதங்களாக ஒரே ரேஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்த ஒரு கோடு என்வலப், இன்னொன்று போலிஞ்சர் பேண்ட்.

என்வலப் எளிமையானது. கடைசி 20 நாள் முடிவு விலையைக் கூட்டி 20-ஆல் வகுத்தால் சராசரி. அதற்கு மேலும் கீழும், உதாரணமாக 4% தள்ளி, இரண்டு கோடு. திருச்சி ரோட்டில் கோவைக்கென்றே பங்குச் சந்தை இயங்கிய காலத்தில்கூட இதைப் போட ஒரு கால்குலேட்டரும் நோட்டும் போதும். (அந்தச் சந்தைக்கு 2013-ல் செபி விடைகொடுத்துவிட்டது.) ஜான் போலிஞ்சர் என்ற அமெரிக்கர் 1980-களில் கொண்டுவந்த பேண்டில் சதவீதம் கிடையாது. விலை சராசரியை விட்டு எவ்வளவு அலைகிறது என்று திட்ட விலக்கத்தால் அளந்து, அதில் இரண்டு மடங்கு தள்ளிக் கோடு போடுகிறது. விரிதாளில் போடுகிறவர்களுக்கு:

```
=AVERAGE(B2:B21)
=STDEV.P(B2:B21)
```

கணக்குக்காக ஒரு பங்கு 20 நாளில் பத்து நாள் 98-லும் பத்து நாள் 102-லும் முடிந்தது என்று வைப்போம். சராசரி 100, விலக்கம் 2. பேண்ட் 96, 104. நான்கு சதவீத என்வலப்பும் அதே 96, 104. பெரியவர் பார்த்தது இந்த நிலையைத்தான்.

அடுத்து பங்கு அடங்குகிறது. இப்போது 99-லும் 101-லும் மாறி மாறி முடிகிறது. விலக்கம் 1 ஆகிவிட, பேண்ட் 98, 102 என்று சுருங்குகிறது. என்வலப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருநாள் விலை 98-ஐத் தொட்டால் பேண்ட் அதை 'மலிவு' என்று காட்டும். ஆனால் இதே பங்கு போன மாதம் சாதாரணமாகவே 98-ல் முடிந்துகொண்டிருந்தது. 98-ல் வாங்கி 100-ல் விற்றால் கிடைப்பது இரண்டு ரூபாய். டெலிவரி எடுத்தால் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% பரிவர்த்தனை வரி, அதற்கு மேல் மற்ற செலவுகள். ரேஞ்சுக்குள் வாங்கி விற்க என்வலப்பே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். பங்கு தூங்கினாலும் அதன் வழக்கமான வீச்சை அது மறப்பதில்லை.

ரேஞ்ச் உடையும் நாளில் நிலைமை தலைகீழ். அடங்கிக் கிடந்த பங்கு திடீரென்று 94-ல் முடிகிறது, மறுநாள் 91. முதல் நாளிலேயே விலை என்வலப்பின் கீழ்க்கோட்டுக்கு அடியில் போய்விட்டது. என்வலப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது வாங்கும் வேளை. இரண்டாம் நாள் கணக்கில் சராசரி 99.25, என்வலப்பின் கீழ்க்கோடு சுமார் 95.3. அது அசைந்ததே முக்கால் ரூபாய்க்குள்தான். பேண்டைப் பாருங்கள். கீழ்க்கோடு 98-லிருந்து 94.3-க்கு இறங்கிவிட்டது, மேல்கோடு 102-லிருந்து 104.2-க்கு ஏறிவிட்டது. விலை விழும்போது மேல்கோடு ஏறுகிறது, கவனியுங்கள். பேண்டின் மொத்த அகலம் சராசரியில் 4%-ஆக இருந்தது, இரண்டே நாளில் 10%. என்வலப்பின் அகலம் என்றைக்கும் 8%தான்.

பேண்ட் என்வலப்பைவிட அகலமாகி இன்னும் விரிந்துகொண்டே போனால், நாம் நம்பியிருந்த ரேஞ்ச் இப்போது இல்லை. ஆனால் இந்தத் தகவல் ஒருநாள் தாமதமாகத்தான் வரும். 94-ல் முடிந்த அன்று பேண்டின் அகலம் 6.6%தான், என்வலப்பைவிடக் குறைவு. ஆகவே கோட்டுக்கு வெளியே போன அன்றே வாங்காமல், முடிவு விலை திரும்பி உள்ளே வரும்வரை பொறுப்பதே சரி.

ஐந்து சதவீத சர்க்யூட் உள்ள சிறிய பங்குகளில் இந்தக் கணக்கு ஏமாற்றும். கீழ் சர்க்யூட்டில் வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கொண்டால், விலை உண்மையில் எங்கே போயிருக்கும் என்பது முடிவு விலையில் வராது. விலக்கம் குறைத்தே காட்டும், பேண்ட் மெதுவாகத்தான் விரியும்.

இனி அந்த 4% எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. அதை எல்லாப் பங்குக்கும் ஒன்றாக வைக்க முடியாது. ஆறு மாத முடிவு விலைகளை எடுத்து, ஒவ்வொரு நாளும் அது சராசரியை விட்டு எத்தனை சதவீதம் விலகியது என்று எழுத வேண்டும். பத்தில் ஒன்பது நாள் எந்த அளவுக்குள் அடங்குகிறதோ, அதுவே அந்தப் பங்குக்கு உரிய அகலம். பெரியவர் அடுத்த வாரமே ஒரு நோட்டோடு வந்தார். மில் கணக்கு எழுதிய கை, வரிசை பிசகாமல் இருந்தது. அவருடைய பங்குக்கு வந்தது 4 இல்லை, 6.