சிசாட், கிளாட் தேர்வு: 'கட்டாயம் உண்மை', 'அதிகம் ஆதரிக்கப்படுவது' - இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பத்தியைப் படித்தீர்கள், புரிந்தது. நான்கு விடைகளில் இரண்டை உடனே தள்ளிவிட்டீர்கள். மீதி இரண்டும் சரி மாதிரியே இருக்கு. எதை டிக் பண்ணுவது?

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் ஒரு கேள்விக்கு 2.5 மதிப்பெண். தவறாக விடையளித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.83 மதிப்பெண் கழிக்கப்படும். இந்தத் தாளில் 200-க்கு 33 சதவீதம் எடுத்தால்தான் முதல் தாளின் மதிப்பெண்ணே கணக்கில் வரும். கிளாட் தேர்விலும் தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் போகும்.

அந்தக் கடைசி இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, மறுபடி பார்க்க வேண்டியது பத்தியை அல்ல, கேள்வியை.

கேள்வி என்ன கேட்கிறது?

பத்தியிலிருந்து முடிவுக்கு வரச் சொல்லும் கேள்விகள் பொதுவாக இரண்டு வகை.

முதல் வகை, 'மஸ்ட் பி ட்ரூ'. பத்தியில் உள்ளவை உண்மை என்றால் எந்த விடை கட்டாயம் உண்மையாக இருக்கும் என்று இது கேட்கிறது. இங்கே 99 சதவீதம் கூடப் போதாது.

இரண்டாம் வகை, 'மோஸ்ட் ஸ்ட்ராங்லி சப்போர்ட்டட்'. கொடுத்துள்ள விடைகளில் எதற்குப் பத்தி அதிக ஆதரவு தருகிறது என்பதே இதன் கேள்வி. இது ஒரு ஒப்பீடு. சிறிய இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, மற்ற விடைகளைவிடக் குறைவாக இருந்தால் போதும். சிசாட் தாளில் வரும் 'மோஸ்ட் லாஜிக்கல் அண்ட் ரேஷனல் இன்ஃபெரன்ஸ்' கேள்வியையும் இப்படி ஒப்பிட்டே அணுகலாம்.

ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம்

இது கற்பனையான பத்தி:

"ஒரு நகரத்தின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் கடந்த ஜூன் முதல் காலை உணவு வழங்கப்படுகிறது. தனியார் பள்ளிகளில் இது இல்லை. ஜூனுக்குப் பிறகு, பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தாமதமாக வரும் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்துள்ளது. தனியார் பள்ளிகளில் அந்த எண்ணிக்கை மாறவில்லை. நகரத்தில் பள்ளி நேரமும் பேருந்து நேரமும் இந்தக் காலத்தில் மாற்றப்படவில்லை."

தமிழ்நாட்டிலும் காலை உணவுத் திட்டம் இருப்பதால் உங்களுக்கு இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கலாம். அதை ஓரமா வச்சிடுங்க. இந்த ஐந்து வரிகள் மட்டுமே சாட்சி.

முதல் கேள்வி: எது கட்டாயம் உண்மை?

அ) தாமதம் குறைந்ததற்குக் காலை உணவும் ஒரு காரணம்.
ஆ) சில அரசுப் பள்ளிகளில் தாமதம் குறையவில்லை.
இ) காலை உணவு வழங்கும் பள்ளி ஒன்றிலாவது தாமதம் குறைந்துள்ளது.
ஈ) நகரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் தாமதமாக வரும் மாணவர்கள் குறைந்துள்ளனர்.

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். பத்தியில் உள்ள எல்லாம் உண்மையாகவும், அந்த விடை மட்டும் பொய்யாகவும் இருக்கும் ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா? முடிந்தால் அந்த விடை அவுட்.

'அ'வை எடுத்துக்கொள்வோம். அதே ஜூனில் அரசுப் பள்ளிகளில் மட்டும், மணி அடித்ததும் கேட்டை மூடும் விதி வந்திருக்கலாம். அதனால் தாமதம் குறைந்திருக்கலாம். பத்தியின் எந்த வரியும் இதைத் தடுக்கவில்லை. ஆகவே 'அ' கட்டாயம் உண்மை இல்லை.

'ஆ'தான் பலரை விழவைக்கும். 'பெரும்பாலான பள்ளிகளில் குறைந்தது' என்றால் மீதிப் பள்ளிகளில் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? பேச்சு வழக்கில் அப்படித்தான். தேர்வில் அப்படி இல்லை. 'பெரும்பாலான' என்றால் பாதிக்கு மேல், அவ்வளவுதான். எல்லாப் பள்ளிகளிலும் குறைந்திருந்தாலும் அந்த வரி உண்மையாகவே இருக்கும்.

'ஈ'க்கு ஒரு சின்னக் கணக்கு. 10 அரசுப் பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 பள்ளிகளில் தலா 2 பேர் குறைந்தார்கள், மொத்தம் 12. மீதி 4 பள்ளிகளில் தலா 10 பேர் கூடினார்கள், மொத்தம் 40. பெரும்பாலான பள்ளிகளில் குறைந்தது உண்மை, ஆனால் நகரத்தின் மொத்தம் கூடிவிட்டது. 'ஈ'யும் போச்சு.

இப்போ 'இ'யைப் பொய்யாக்கிப் பாருங்கள். எல்லா அரசுப் பள்ளிகளும் உணவு தருகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் தாமதம் குறைந்திருக்கிறது. அப்படியானால் இரண்டும் பொருந்தும் பள்ளி ஒன்றாவது இருந்தே தீரும். பொய்யாக்க வழியே இல்லை. விடை 'இ'.

'இதுல புதுசா என்ன இருக்கு, பத்தியில இருக்கிறதுதானே' என்று தோன்றலாம். இந்த வகையில் சரியான விடை பெரும்பாலும் அப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

இரண்டாம் கேள்வி: எதற்கு ஆதரவு அதிகம்?

அ) தாமதம் குறைந்ததற்குக் காலை உணவும் ஒரு காரணம்.
ஆ) தாமதம் குறைந்ததற்குக் காலை உணவைத் தவிர வேறு காரணம் இல்லை.
இ) தனியார் பள்ளிகளிலும் காலை உணவு தந்தால் அங்கும் தாமதம் குறையும்.
ஈ) வீட்டில் காலை உணவு கிடைக்காததே மாணவர்களின் தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

இங்கே பழைய சோதனையைப் போட்டால் நான்குமே தோற்றுவிடும். அதனால் வேறு மாதிரி கேட்க வேண்டும். இந்த விடையை ஏற்க, பத்தியில் இல்லாத எதையெல்லாம் நான் சேர்க்க வேண்டியிருக்கிறது?

'இ'யை ஏற்க, தனியார் பள்ளி மாணவர்களும் அதே காரணத்தால்தான் தாமதமாகிறார்கள் என்று சேர்க்க வேண்டும். 'ஈ'க்கு, அவர்கள் வீட்டு நிலைமையையே நாமாக எழுத வேண்டும். 'ஆ'வுக்கு, பத்தி சொல்லாத எல்லாக் காரணங்களையும் நீக்க வேண்டும்.

'அ'வுக்கு மூன்று ஆதரவுகள் உண்டு. உணவு வந்த பிறகு மாற்றம் வந்தது. உணவு இல்லாத பள்ளிகளில் மாற்றம் இல்லை. பள்ளி நேரம், பேருந்து நேரம் என்ற இரண்டு மாற்றுக் காரணங்களைப் பத்தியே நீக்கிவிட்டது. கேட் மூடும் விதி போன்ற இடைவெளி இன்னும் இருக்கிறது, ஆனால் நான்கில் அதுவே சிறியது. விடை 'அ'.

முதல் கேள்வியில் தவறான அதே வாக்கியம், இங்கே சரியான விடை. பத்தி மாறவில்லை, கேள்விதான் மாறியது.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

இரண்டாம் வகைக் கேள்வியில், கட்டாயம் உண்மையான விடை ஒன்று தட்டுப்பட்டால் தயங்காமல் அதையே எடுக்கலாம். முழு ஆதரவைவிட அதிக ஆதரவு கிடையாது. ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. அதிக ஆதரவு இருப்பதாலேயே ஒரு விடை கட்டாயம் உண்மையாகிவிடாது.

'எல்லா', 'மட்டும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் இருந்தாலே விடை தவறு என்று பலர் பழகிவிடுகிறார்கள். அதுவும் ஆபத்து. நம் பத்தியே 'எல்லா அரசுப் பள்ளிகளிலும்' உணவு என்கிறது. 'காலை உணவு இல்லாத அரசுப் பள்ளி அந்த நகரத்தில் ஒன்றுகூட இல்லை' என்று ஒரு விடை இருந்தால், கேட்க எவ்வளவு கறாராக இருந்தாலும் அது சரியே. சொல் எவ்வளவு பலமானது என்பதைவிட, அந்தப் பலத்தைப் பத்தி தருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.