ஆறு இஞ்சா, ஒன்பது இஞ்சா?

எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டால், "ஆறு இஞ்சா, ஒன்பது இஞ்சா?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. கொத்தனார் சுவரில் விட்டுவைத்த ஓட்டையின் அளவைச் சொன்னால் வியாபாரம் முடிந்துவிடும். அந்த ஃபேன் மணிக்கு எவ்வளவு காற்றை வெளியே தள்ளும் என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் அந்த எண் பெட்டியின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். m³/h அல்லது CMH என்றிருந்தால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று பொருள். CFM என்றிருந்தால் நிமிடத்துக்கு இத்தனை கன அடி, அதை 1.7ஆல் பெருக்கினால் மணிக்கான கன மீட்டர் கிடைத்துவிடும்.

ஒரே ஒன்பது இஞ்ச் ஃபேனில்கூட மோட்டார் சுற்றும் வேகத்துக்கும் இறக்கையின் வளைவுக்கும் ஏற்ப இந்த எண் வெகுவாக மாறும். ஆகவே இஞ்ச் கணக்கு ஓட்டைக்கு மட்டும்தான். அறைக்கு வேறு கணக்கு.

பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 800 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி என்பதால், அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 22.7 கன மீட்டர். அடுத்ததாக, அந்த அறையின் முழுக் காற்றுக்குச் சமமான அளவு காற்று மணிக்கு எத்தனை முறை வெளியேற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டுச் சமையலறைக்குப் பொதுவாக 15 முதல் 20 முறை என்று வைத்துக்கொள்கிறார்கள். தாளிப்பும் வறுவலும் தினசரி நடக்கும் நம் அடுப்படிக்கு 20தான் சரி. 22.7 பெருக்கல் 20, அதாவது மணிக்கு சுமார் 450 கன மீட்டர்.

பெட்டியில் 280 என்று போட்ட ஃபேனை இந்த அறையில் மாட்டினால் மணிக்கு 12 மாற்றம்தான் நடக்கும். மிளகாய் வறுக்கும் நாளில் கூடத்தில் இருப்பவர்கள் தும்முவார்கள். 550க்கு மேல் உள்ளதை வாங்குவது நல்லது. பெட்டியில் போட்டிருப்பது எந்தத் தடையும் இல்லாதபோது அளந்த அளவு. வலை, மூடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதைக் குறைத்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மணிக்கு 20 மாற்றம் என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அதற்காக மூன்றே நிமிடத்தில் பழைய காற்று முழுவதும் போய்விடாது. உள்ளே வரும் புதுக் காற்று பழையதோடு கலந்துவிடுவதால், வெளியேறுவதும் கலவைதான். நன்றாகக் கலக்கும் அறையில் முதல் மூன்று நிமிடத்துக்குப் பிறகும் பழைய காற்றில் 37 சதவீதம் தங்கியிருக்கும். ஆறு நிமிடத்தில் 14 சதவீதம், ஒன்பது நிமிடத்தில் 5 சதவீதம். அடுப்பை அணைத்த கையோடு ஃபேனையும் அணைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைப்பு! பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால்தான் நெடி போகும்.

எண் சரியாக இருந்தும் புகை போகவில்லை என்ற புகார் வந்தால், முதலில் கதவைப் பார்க்க வேண்டும். ஃபேன் தள்ளும் அளவுக்கு வெளியிலிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்து, கதவுக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடுக்கு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 450 கன மீட்டர் காற்றும் அதன் வழியாக வர வேண்டுமானால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். சிறிய ஃபேனுக்கு அவ்வளவு இழுவிசை கிடையாது. இறக்கை சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் நகராது. கதவை ஒரு சாண் திறந்தாலே நிலைமை மாறிவிடும்.

ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருப்பதும் இதே போன்ற வில்லங்கம்தான். வெளிக்காற்று ஜன்னல் வழியாக நுழைந்து, அடுப்புப் பக்கமே போகாமல் ஃபேன் வழியாக வெளியேறிவிடும். கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். அதை அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தால், புகை ஃபேனை நோக்கிச் சாய்கிறதா, அங்கேயே சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும்.

குளியலறைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஐந்துக்கு ஏழடி, ஒன்பதடி உயரம் என்றால் ஒன்பது கன மீட்டர்கூட வராது. மணிக்கு 10 மாற்றம் என்றாலும் 90 கன மீட்டர்தான். ஆறு இஞ்ச் ஃபேன் தாராளமாகப் போதும். அங்கேயும் கதவுக்கு அடியில் இடுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.