எழுதியதைத் திருத்துவது – 11: நட்சத்திரக் குறியின் கீழே

சென்ற வாரம் வங்கிக் கடிதத்தைப் பார்த்தோம். இந்த வாரம் பயிற்சி மையத்தின் பிரவுச்சர். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று யோசிப்பவர் கையில் போய்ச் சேரும் நாலு பக்கத் தாள் அது.

நிஜமான மையம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பல பிரவுச்சர்களில் வழக்கமாக வரும் வரிகளைச் சேர்த்து நானே ஒன்றை அமைத்திருக்கிறேன். அதில் உள்ள கட்டணமும் எண்ணிக்கையும் என் கற்பனைதான். ஊர் மட்டும் நிஜம்: திருப்பூர். பாடம், ஆறு மாத டேலி மற்றும் ஜி.எஸ்.டி. பயிற்சி. வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. படிக்க வருபவர்கள் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்கள், செக்கிங், பேக்கிங் பார்க்கிறவர்கள், ஸ்டோர் கணக்கு எழுதுகிறவர்கள். பெரும்பாலும் பிளஸ் டூ. அக்கவுன்ட்ஸ் பக்கம் மாறிவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இது: ‘கட்டணம் ரூ.24,000 மட்டுமே* – மாதம் ரூ.2,000 கட்டினால் போதும்!’ கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், அந்த நட்சத்திரக் குறிக்கு விளக்கம்: ‘பதிவு, புத்தகம், தேர்வுக் கட்டணங்களும் வரியும் தனி. நிபந்தனைகளுக்கு உட்பட்டது.’

திருத்துபவர் முதலில் செய்ய வேண்டியது வாக்கியத்தைச் செப்பனிடுவது அல்ல. ரசீதுப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். கடைசியாக முடித்துப்போன ஒரு மாணவர் முதல் நாளிலிருந்து சான்றிதழ் வாங்கிய நாள் வரை கட்டிய ரசீதுகளை எல்லாம் வரிசையாக வைத்துக் கூட்டினால் உண்மையான கட்டணம் வந்துவிடும். நம் மாதிரியில் பயிற்சிக்கு 24,000, பதிவுக்கு 500, புத்தகத்துக்கு 1,500, தேர்வுக்கும் சான்றிதழுக்கும் 2,000. மொத்தம் 28,000. தனியார் பயிற்சிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; அது 5,040. ஆக, மாணவர் கையிலிருந்து போவது 33,040 ரூபாய். முதல் பக்கத்தில் கண்ட தொகையைவிட ஒன்பதாயிரத்துச் சொச்சம் அதிகம். ஜி.எஸ்.டி. சொல்லிக்கொடுக்கும் பிரவுச்சரிலேயே ஜி.எஸ்.டி. ஒளிந்துகொண்டிருப்பது ஒரு வேடிக்கை.

மாதம் 2,000 என்ற வரியையும் சும்மா விடக் கூடாது. படிப்பு ஆறு மாதம். 24,000-ஐ 2,000 வீதம் கட்டினால் பன்னிரண்டு மாதம். முழுத் தொகைக்குக் கணக்குப் போட்டால் மாதத் தவணை 2,750-ஐத் தாண்டுகிறது. படிப்பு முடிந்த பிறகும் ஆறு மாதம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, தவணையை யாருக்குக் கட்டுகிறோம் என்பது. மையத்துக்கே கட்டுவதென்றால் ஒரு விஷயம். ஆனால் பல இடங்களில் ‘வட்டியில்லாத் தவணை’ என்பது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மையம் முழுப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொள்கிறது, மாணவர் கடனாளியாகிறார். மூன்றாவது மாதம் படிப்பை விட்டால் வகுப்பு நின்றுவிடும், தவணை நிற்காது. கடன் என்றால் ‘கடன்’ என்றே பிரவுச்சரில் எழுத வேண்டும். சில்லறைக் கடன் கொடுப்பவர்கள் மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி வீதத்தையும் ஒரே தாளில் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இனி கட்டணப் பகுதி இப்படி ஆகிறது: ‘மொத்தக் கட்டணம் வரியோடு ரூ.33,040. இதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டோம்.’ அதன் கீழேயே, அதே அளவு எழுத்தில், எது எதற்கு எவ்வளவு என்ற பிரிவு. நட்சத்திரம் போய்விட்டது. எழுத்தளவு என் விருப்பம் மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள், விளம்பரக் குறிப்புரை அதன் கூற்று இருக்கும் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தவறான ஒரு கூற்றைக் குறிப்புரை போட்டுச் சரிக்கட்டவும் முடியாது. பயிற்சி மையங்களுக்கென்றே 2024 நவம்பரில் தனி நெறிகளும் வந்துவிட்டன.

ஓர் இடத்தில் மட்டும் திருத்துபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை நாம் எழுத முடியாது. உரிமையாளரிடம் கேட்கத்தான் முடியும். பதில் வரும் வரை அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் சிவப்பில் கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். ‘விதிகளின்படி’ என்று நிரப்புவது காலியாக விடுவதைவிட மோசம்.

பணம் இதோடு முடியவில்லை. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் எட்டரைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். அதற்கு மேல் எட்டு, எட்டரை வரை இன்னும் அரை. வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் அந்த அரை ஷிப்டில்தான் ஓடுகின்றன. ஆறரை மணி வகுப்புக்கு வருகிறவர் அந்த அரையை விட்டுவிட்டு வருகிறார். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாலைக்கு 300, வாரத்துக்கு 900, இருபத்தாறு வாரத்துக்கு 23,400. கட்டணத்தின் முக்கால் பங்குக்கு அருகில் வருகிறது. இந்தத் தொகை எந்தப் பிரவுச்சரிலும் இருக்காது, ஏனென்றால் அது மையத்துக்கு வருகிற பணம் அல்ல. ஆனால் சேருவதா வேண்டாமா என்று வீட்டில் கணவனும் மனைவியும் போடும் கணக்கில் அதுதான் முதல் வரி. ஆகவே நான் சேர்க்கும் வரி: ‘ஓவர்டைம் பார்ப்பவர்கள், வாரம் மூன்று மாலை அரை ஷிப்ட் கூலி போகும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.’

நேரத்தைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய வேலை நடக்கும் ஊர் இது. ஏற்கெனவே அக்கவுன்ட்ஸ் பிரிவில் எடுபிடியாக இருப்பவருக்கு ஜி.எஸ்.டி. படிவத் தேதிகளான 11-ம் 20-ம் நெருங்கினால் ஆபீசை விட்டு நகர முடியாது. வகுப்புத் தவறும் என்பது விதிவிலக்கு இல்லை, வழக்கமே அதுதான். தவறிய பாடத்தை எப்போது, யார் திரும்ப எடுப்பார்கள் என்பது பிரவுச்சரில் இருக்க வேண்டும். ‘வீட்டிலேயே இலவசமாகப் பயிற்சி செய்யலாம்’ என்ற வரியும் முழுமையானது அல்ல. வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும். டேலியின் இலவசக் கல்விப் பதிப்பிலோ மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். கை பழக அது போதும். ஒரு மாதக் கணக்கை நாள்வாரியாக எழுதிப் பார்க்க மையத்துக்குத்தான் வர வேண்டும்.

அடுத்தது, எல்லாரும் முதலில் படிக்கும் வரி: ‘எங்கள் மாணவர்களில் 95% பேர் இன்று வேலையில்!’

பொய் என்று சொல்ல முடியாது. நம் மாதிரி மையத்தின் பதிவேட்டைப் பிரித்தால் கதை தெரியும். சென்ற பேட்ச்சில் சேர்ந்தவர்கள் 40. முடித்தவர்கள் 28. முடித்தவர்களுக்கு மட்டும் போன் செய்தார்கள். எடுத்துப் பேசியவர்கள் 20. அவர்களில் 19 பேர் வேலையில் இருந்தார்கள். இருபதில் பத்தொன்பது, 95 சதவீதம். கணக்கு சரி. ஆனால் இது வேலை பார்ப்பவர்களுக்கான மாலை வகுப்பு. சேரும்போதே எல்லாரும் வேலையில்தான் இருந்தார்கள்! அந்த 19 பேரில் 14 பேர் அதே கம்பெனியில் அதே மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் தங்கள் கம்பெனியிலேயே அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு மாறினார்கள். இரண்டு பேருக்கு வேறு இடத்தில் கணக்கு வேலை கிடைத்தது. ஆக, எதற்காகச் சேர்ந்தார்களோ அது நடந்தது ஐந்து பேருக்கு, அதாவது சேர்ந்தவர்களில் எட்டில் ஒருவருக்கு.

மாலை வகுப்புப் பிரவுச்சரில் ‘வேலையில் இருக்கிறார்கள்’ என்ற எண்ணிக்கையையே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், வேலை மாறியவர்கள், தகவல் தெரியாதவர்கள் – இந்த நாலும் போதும். திருத்தியபின் இப்படி வரும்: ‘சென்ற பேட்ச்சில் 40 பேர் சேர்ந்தார்கள், 28 பேர் முடித்தார்கள். ஐந்து பேர் கணக்கு வேலைக்கு மாறினார்கள். அவர்களில் மூவர் தங்கள் கம்பெனியிலேயே. 14 பேர் பழைய வேலையில் தொடர்கிறார்கள். ஒருவர் வேலையில் இல்லை. எட்டுப் பேரைப் பற்றித் தெரியவில்லை.’

‘இப்படி எழுதினால் எவன் சார் வருவான்?’ என்று உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்களுக்குள் அவருக்கே உபயோகமான ஒரு செய்தி இருக்கிறது: ஐந்து பேரில் மூன்று பேர் சொந்தக் கம்பெனியிலேயே மாறியிருக்கிறார்கள். ஸ்டோரிலோ டைம் ஆபீசிலோ இருப்பவர், முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு வந்தால் பலன் அதிகம் என்று அது காட்டுகிறது. அதை எழுதினால் சரியான ஆள் வருவார், முடித்துவிட்டும் போவார். மிஷினில் கை தேர்ந்த டெய்லருக்கோ வேறு எச்சரிக்கை தேவை. ஒன்றரை ஷிப்ட் கூலியோடு ஒப்பிட்டால் தொடக்கநிலை அக்கவுன்ட்ஸ் உதவியாளர் சம்பளம் பல இடங்களில் குறைவாகவே இருக்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலை, முதுகுவலி குறையும் என்பதற்காக அதை ஏற்பவர்கள் உண்டு, தெரிந்து ஏற்கட்டும்.

மீதி இரண்டை வேகமாக அடித்துவிடலாம். ‘முடித்ததும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகலாம்’ என்பது பிளஸ் டூ படித்தவருக்குப் பொருந்தாது. அதற்கு வணிகவியல், சட்டம் போன்ற பட்டம் வேண்டும், தனித் தேர்விலும் தேற வேண்டும். ‘அரசு அங்கீகாரம்’ என்பதற்கு ஆதாரம் கேட்டால் ஐ.எஸ்.ஓ. சான்றிதழையோ உத்யம் பதிவையோ காட்டுவார்கள். இரண்டுமே பாடத்துக்கான அரசு அங்கீகாரம் அல்ல. அரசுச் சான்றிதழ்தான் வேண்டும் என்பவருக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணக்கியல் தேர்வு தனியாக இருக்கிறது.

இப்படியொரு பிரவுச்சர் உங்கள் கைக்கு வந்தால், முன்பணம் கட்டுமுன் இரண்டு எண்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: வரியோடு மொத்தம் எவ்வளவு, சென்ற பேட்ச்சில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வேலை மாறினார்கள். எழுதித் தராத இடத்தில் சேர வேண்டாம்.

(தொடரும்)