எழுவாய் இல்லாத ருஷ்யன்

ருஷ்ய மொழி படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் அதைப் படிக்கிறார்கள். அந்தப் பாடநூலில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: நேற்று ஒரே குளிர், இருட்டிக்கொண்டிருந்தது, பஸ் இல்லை, நடந்தே போகவேண்டியதாயிற்று. இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது குளிருக்கும் இருட்டுக்கும் முன்னால் ஓர் ‘இட்’ வேண்டும். பஸ் இல்லை என்பதற்கு முன்னால் ஒரு ‘தேர்’ வேண்டும். நடந்து போனதற்கு ஓர் ‘ஐ’ வேண்டும். ருஷ்யனில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. மாணவன் அவற்றுக்கு ஈடான சொற்களை அகராதியில் தேடத் தொடங்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

ருஷ்யன் வாக்கியம் இதுதான்: ஃப்ச்சிரா பீலோ ஹோலத்னோ, தெம்னேலோ, அஃப்தோபுசா நே பீலோ, இ ம்னே ப்ரிஷ்லோஸ் இத்தீ பெஷ்கோம். ஒவ்வொரு துண்டாகப் பார்க்கலாம். (இறுதி ‘ஓ’ எழுத்தில்தான் ஓ, அழுத்தம் விழாததால் பேச்சில் அது ‘அ’ போலத் தேய்ந்துவிடும்.)

‘ஹோலத்னோ’ என்றால் குளிராக இருக்கிறது. நிகழ்காலத்தில் அந்த ஒரு சொல்லே முழு வாக்கியம். ஜன்னலைத் திறந்து அதை மட்டும் சொன்னால் போதும். இறந்தகாலத்துக்கு முன்னால் ‘பீலோ’, எதிர்காலத்துக்கு ‘பூதெத்’. இந்தச் சொல் பெயரடையும் இல்லை, வழக்கமான வினையடையும் இல்லை என்பதால் இதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று இலக்கணக்காரர்களுக்கே குழப்பம். லெவ் ஷேர்பா என்ற ருஷ்ய மொழியியலாளர் 1928-இல் இவற்றுக்கென்று ‘நிலைச்சொல்’ எனத் தனி இனமே வகுக்கலாம் என்றார்.

‘தெம்னேலோ’ இருட்டிக்கொண்டிருந்தது. யார் இருட்டியது என்று நாமும் கேட்பதில்லை. விடிந்தது, இருட்டியது என்று சொல்லும்போது தமிழ் வினை ‘-து’ என்று அஃறிணை ஒருமையில் முடிகிறது. ருஷ்யனிலும் எழுவாய் இல்லாத வினை இறந்தகாலத்தில் ‘-லோ’ என்று அஃறிணை ஒருமையில்தான் முடியும். ஆங்கிலக்காரனுக்கு இது விதியாக மனப்பாடம் ஆக வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

மழைக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே மழை ‘போகும்’: ‘இத்யோத் தோஷ்த்’. மழைதான் எழுவாய், நாம் மழை பெய்கிறது என்பதைப் போலவே. வானிலை வாக்கியம் எல்லாவற்றிலும் எழுவாயை வெட்டிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இங்கே இடறுவார்கள்.

குளிரில் இன்னொரு பள்ளம் உண்டு. எனக்குக் குளிர்கிறது என்பதற்கு ‘ம்னே ஹோலத்னோ’. ‘ம்னே’ என்றால் எனக்கு. ஆங்கிலத்தில் ‘ஐ’ வருகிறதே என்று ‘யா ஹலோத்னி’ என்று மொழிபெயர்த்தால், தொட்டால் சில்லென்றிருக்கும் ஆள் நான், அல்லது மனசில் ஈரமில்லாதவன் நான் என்றாகிவிடும். தமிழில் நினைத்துப் பேசுகிறவன் இந்தப் பிழையைச் செய்யவே மாட்டான். எனக்கு அலுப்பாக இருக்கிறது, எனக்கு இருபது வயது, இவையும் அங்கே ‘எனக்கு’தான்.

அடுத்து பஸ். பஸ் இருந்தால் ‘பீல் அஃப்தோபுஸ்’: பஸ் எழுவாய், ஆண்பால், வினையும் ஆண்பால். இல்லையென்றதும் எல்லாம் மாறுகிறது. ‘அஃப்தோபுஸ்’ ‘அஃப்தோபுசா’ ஆகி ஆறாம் வேற்றுமைக்கு, அதாவது ‘பஸ்ஸின்’ என்ற உருவத்துக்குப் போய்விடும். வினை ‘பீலோ’ என்று அஃறிணைக்குத் திரும்பும். இல்லாத பொருளுக்கு எழுவாய் ஆகும் தகுதி கிடையாது என்பதுபோல! நிகழ்காலத்தில் ‘நியெத்’ என்ற சொல் இதே வேலையைச் செய்யும்: ‘அஃப்தோபுசா நியெத்’. நம் ‘இல்லை’ இப்படி வேற்றுமையைத் தொடுவதில்லை. ஆகவே தமிழர் இதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

கடைசித் துண்டு, நடந்து போகவேண்டியதாயிற்று. கட்டாயத்தைச் சொல்ல ருஷ்யனில் சாதாரணச் சொல் ‘நாதோ’. ‘ம்னே நாதோ இத்தீ’ என்றால் நான் போக வேண்டும். எனக்குப் பணம் வேண்டும் என்கிற நாம், தமிழ்நாட்டில் நான் போக வேண்டும் என்போம். ருஷ்யனோ இரண்டு இடத்திலும் ‘எனக்கு’ என்கிறான். இதற்குப் பக்கத்திலேயே ‘தோல்ஷென்’ என்ற சொல்லும் இருக்கிறது. அதற்கு மட்டும் ‘யா’, அதாவது நான், எழுவாயாக வரும். பேசுவது பெண் என்றால் ‘தல்ஷ்னா’ என்று பாலும் மாறும். கடமைப்பட்டிருக்கிறேன் என்ற கனம் அதில் உண்டு.

நம் வாக்கியத்தில் வந்தது இவை இரண்டும் இல்லை, ‘ப்ரிஷ்லோஸ்’. இறந்தகாலத்தில் ‘ம்னே நாதோ பீலோ இத்தீ’ என்றால் போயிருக்க வேண்டும்; போனேனா என்பது தெரியாது, போகவில்லை என்ற வருத்தமும் தொனிக்கலாம். ‘ம்னே ப்ரிஷ்லோஸ் இத்தீ’ என்றால் வேறு வழியில்லாமல் போயே விட்டேன். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே உருவத்தில் சொல்லிவிடலாம் என்பதால் பாடநூல் வழி படிப்பவர்களுக்கு வேறுபாடு பிடிபட நாளாகும். போகவேண்டியதாயிற்று என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் ‘ப்ரிஷ்லோஸ்’ தானே வந்து நிற்கும்.

வாக்கியத்தில் இடம்பெறாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரில் இறங்கிய முதல் நாளே தேவைப்படும். ‘மோஷ்னோ’ என்பது நம் ‘-லாம்’. கதவைத் தட்டி ‘மோஷ்னோ?’ என்றால் உள்ளே வரலாமா என்று அர்த்தம். இங்கிருந்து ஆற்றைப் பார்க்கலாம் என்பதற்கும் அதே சொல். யார் பார்ப்பது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதன் எதிர்ச்சொல் ‘நெல்ஸ்யா’வில்தான் விஷயம் இருக்கிறது. அது கூடாது என்பதும்தான், முடியாது என்பதும்தான். எது என்பதை அடுத்து வரும் வினை தீர்மானிக்கும்.

ருஷ்ய வினைகள் அநேகமாக இரட்டையாக வரும். ஒன்று செயலை நடப்பதாகப் பார்க்கும், மற்றது முடிந்த முழுமையாகப் பார்க்கும். தெருவைக் கடப்பதற்கு ‘பெரெஹதீத்’ முதல் வகை, ‘பெரெய்தீ’ இரண்டாவது. ‘ஸ்தேஸ் நெல்ஸ்யா பெரெஹதீத் ஊலித்சு’ என்றால் இங்கே தெருவைக் கடக்கக் கூடாது, போலீஸ்காரர் சொல்வது. ‘ஸ்தேஸ் நெல்ஸ்யா பெரெய்தீ ஊலித்சு’ என்றால் கடக்க முடியாது. வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன. வினையைத் தவறவிட்டால் அபராதத்துக்கும் அலுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

எழுவாயை வேண்டுமென்றே ஒதுக்கும் வாக்கியங்களும் உண்டு. ‘க்ரீஷூ சர்வாலோ வேத்ரம்’: கூரையைக் காற்றால் பிய்த்துக்கொண்டு போயிற்று. கூரை இரண்டாம் வேற்றுமையில், காற்று மூன்றாம் வேற்றுமையில், பிய்த்தது யாரென்று வாக்கியத்தில் இல்லை. போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வெஷ்பிட்ஸ்கா, 1992-இல் வெளிவந்த தம் நூலில், இத்தகைய வாக்கியங்களின் பெருக்கத்தை ருஷ்யரின் விதிவசமான உலகப் பார்வையோடு இணைத்தார். பலர் மறுத்தார்கள். எனக்கும் அது ஒட்டவில்லை. எனக்குக் குளிர்கிறது என்பதை ஜெர்மானியனும் ‘எனக்கு’ என்றே சொல்கிறான், நாமும் சொல்கிறோம். அதற்காக மூவரையும் விதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ருஷ்யன் கற்பவருக்கு ஒரு வார்த்தை: பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், ‘இட்’ அல்லது ‘தேர்’ என்று தொடங்கும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு மழை, ‘நியெத்’, ‘நாதோ’ ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நிதானியுங்கள்.