சாம்பார் ஆறியிருந்ததா?

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டிபன் ஓட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில்லோடு ஒரு சின்ன அட்டையும் வருகிறது. அதில் உணவு, சேவை, சுத்தம் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மிக நன்று, நன்று, சுமார்’ என மூன்று கட்டம். மின்சார ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர் ‘நன்று’ மேல் ஒரு டிக் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். மாதக் கடைசியில் முதலாளி எண்ணிப் பார்த்தால் எல்லாமே நன்று. ஆனால் அந்த அட்டையைப் படித்துவிட்டு மாஸ்டர் மாற்றிச் செய்ய ஒன்றுமே இருக்காது.

கோளாறு முதலில் கட்டங்களில் இருக்கிறது. நல்லதற்கு இரண்டு இடம் இருக்கிறது, மோசத்துக்கு ஒன்றுகூட இல்லை. அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைகர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய அளவுகோலில் இருபுறமும் சமமாக இருக்கும். நடுவில் ஒரு நிலை, மேலே இரண்டு, கீழே இரண்டு. அடுத்த கோளாறு, கேட்கிற இடம். பரிமாறிய சப்ளையர் பக்கத்திலேயே நிற்கும்போது யாருக்கும் குறை எழுத மனம் வராது. அதனால் அட்டையைக் கல்லாவுக்கு அருகே ஒரு பெட்டியில் மடித்துப் போடச் சொன்னாலே பதில்களில் கொஞ்சம் உண்மை கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, என்ன கேட்கிறோம் என்பது. ‘உணவு எப்படி?’ என்றால் கிடைப்பது அபிப்பிராயம். ‘சாம்பார் ஊற்றும்போது சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா?’ என்றால் கிடைப்பது நடந்த சங்கதி. அதற்குப் பதில் சொல்ல யோசிக்கவும் வேண்டாம், சங்கடப்படவும் வேண்டாம். சாப்பிட்ட நேரத்தைக் குறிக்கவும் ஒரு கட்டம் வைத்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வாரம் 40 அட்டை சேர்கிறது. 12 பேர் ‘ஆறியிருந்தது’ என்கிறார்கள். பத்துக்கு மூன்று பேர்தானே என்று விட்டுவிடத் தோன்றும். நேரவாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. காலை 8 முதல் 9 வரை சாப்பிட்ட 15 பேரில் 10 பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். மற்ற நேரத்து 25 பேரில் இரண்டே பேர். ஆக, சரக்கு மாஸ்டரின் கைப்பக்குவத்தில் குறையில்லை. விசாரித்தால், கூட்டத்துக்குப் பயந்து ஏழரை மணிக்கே பெரிய வாளிகளை நிரப்பி, மூடாமல் வைத்துவிடுகிறார்கள். சிறிய வாளியில் கால் மணிக்கு ஒரு முறை அடுப்பிலிருந்து மொண்டு, மூடியோடு கொண்டுவருவது என்று ஏற்பாடு மாறுகிறது.

அடுத்த வாரம் அதே நேரத்தில், அதே கேள்வி. 15 பேரில் 4 பேர்தான் ‘ஆறியிருந்தது’ என்கிறார்கள். வெற்றியா? அவசரப்படக் கூடாது. வந்து உட்காருகிற ஆட்களைப் பொறுத்தே எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், இறங்கும். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: பதில்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 100 பேரைக் கேட்டால் பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம். 15 பேர் என்றால் ஏறக்குறைய 26 சதவீதம். முதல் வாரத்து 67 சதவீதம் உண்மையில் 41 ஆக இருந்திருக்கலாம். இரண்டாம் வாரத்து 27 சதவீதம் 53 ஆக இருந்திருக்கலாம். இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. பழைய முறையில் இரண்டு வாரம், புது முறையில் இரண்டு வாரம் என்று கேட்டு, அதே விகிதம் நீடித்தால் பக்கத்துக்கு 30 பதில் சேரும். தடுமாற்றம் 18 சதவீதமாகக் குறையும். பழையது 49க்குக் கீழே வராது, புதியது 45க்கு மேலே போகாது. அப்போது வாளிதான் காரணம் என்று நம்பலாம். இடையில் சாம்பார் பொடியையும் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான்.

இதற்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை மிச்சம்: அட்டையே போடாதவர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை நம்பி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். இதழ் அட்டை அனுப்பிய பட்டியலில் பெயர் இருந்தவர்களும் பதில் போட்டவர்களும் ஊரைப் போல இல்லை. ஓட்டலிலும் அப்படித்தான். ஆறிய சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டு 8.20 வண்டிக்கு ஓடியவர் பெட்டிப் பக்கமே வரமாட்டார்.

அவர் கருத்தை அறிய எச்சில் தட்டைப் பார்க்க வேண்டும். தட்டு கழுவும் இடத்தில் கிண்ணத்தில் பாதிக்கு மேல் சாம்பார் மிஞ்சியிருந்தால் சிலேட்டில் ஒரு கோடு என்று ஒருவர் போட்டுவரட்டும். ஏன் மிஞ்சியது என்று தட்டு சொல்லாது. எத்தனை பேர் பேசாமல் போனார்கள் என்று அட்டை சொல்லாது. வாளியை மாற்றிய பிறகு அட்டையில் குறையும் சிலேட்டில் கோடும் சேர்ந்து இறங்கினால் சரி. அட்டையில் மட்டும் இறங்கினால், குறை சொல்லக்கூடியவர்கள் கடை மாறிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.