மிளகாய்ச் செடியும் இருவகைத் தூதரும்: அசுவினியும் வெள்ளை ஈயும் நச்சுயிரியைப் பரப்பும் முறை

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் லயத்து வீட்டின் பின்புறம் பத்து மிளகாய்ச் செடிகளேனும் நட்டு வளர்ப்பது நெடுநாள் வழக்கம். இன்று அதே மிளகாய் பாலிபேக்கில் நடப்பட்டு, குழாய்வழி உரநீர் பெற்று, சிறு வாணிகப் பயிராகவும் வளர்கிறது. செடி இரண்டாயினும் இருநூறாயினும், வளர்ப்பவரை வாட்டும் குறை ஒன்றே. நேற்றுவரை செழித்திருந்த செடியின் இளந்தளிர் சுருங்குகிறது, இலை மஞ்சள் பூக்கிறது, பூ உதிர்கிறது. உடனே கடையில் பூச்சி மருந்து வாங்கித் தெளிக்கிறார். பூச்சி மடிகிறது, நோயோ அடுத்த செடிக்குத் தாவுகிறது. மருந்து பூச்சியைக் கொன்றும் நோயைத் தடுக்கத் தவறுவது ஏன் என்பதே நாம் இங்கு ஆராயும் வினா. அதற்குரிய விடை, நச்சுயிரி பூச்சியின் உடலில் எவ்விடத்தில் தங்குகிறது என்பதில் அடங்கியுள்ளது.

ஊசிவாயின் நுனியில் ஒட்டிய நோய்

மிளகாயைத் தாக்கும் நச்சுயிரிகளுள் ஒன்று, நம் நாட்டிலேயே முதன்முதலாக இனங்காணப்பட்டது. இலை நரம்பை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுகளும் அவற்றிடையே வெளிறிய புள்ளிகளும் தோன்றும் இந்நோயை 1979ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் ஆய்வாளர்கள் புதிதாகப் பதிவு செய்தனர். மிளகாய் நரம்புப் புள்ளி நச்சுயிரி என்று இதனை நாம் அழைக்கலாம். இளமையில் இந்நோய் பற்றிய செடி குட்டையாகும், இலை ஒடுங்கி உருக்குலையும், காய் குறையும். இதனைச் சுமந்து செல்வது அசுவினி. செடிப்பேன் என்றும் இதற்குப் பெயருண்டு.

அசுவினியின் வாய் மயிரினும் மெல்லிய ஊசி போன்றது. புதிய செடி ஒன்றில் இறங்கியதும் அது சாறு குடிக்கத் தொடங்குவதில்லை. தனக்கேற்ற செடிதானா என்று அறிய, இலையின் மேல்தோல் உயிரணுக்களில் ஊசிவாயைச் சில நொடிகள் குத்திச் சுவைத்துப் பார்க்கிறது. செடி நோயுற்றதாயின், இந்தச் சுவைபார்ப்பிலேயே நச்சுயிரித் துகள்கள் ஊசிவாயின் நுனியில் ஒட்டிக்கொள்கின்றன. அவை தாமாக ஒட்டுவதில்லை. நோயுற்ற உயிரணுவில் நச்சுயிரியே உண்டாக்கும் துணைப்புரதம் ஒன்று, ஒருபுறம் துகளையும் மறுபுறம் ஊசிவாயையும் பற்றிப் பாலம்போல் நிற்கிறது. அசுவினி அடுத்த செடியில் குத்தும்போது உமிழ்நீருடன் துகள்கள் அச்செடிக்குள் செல்கின்றன.

இம்முறையில் நச்சுயிரி பூச்சியின் குருதிக்குள் நுழைவதே இல்லை. ஆகவே காத்திருப்புக் காலமும் இல்லை. சில நொடிகளில் பெற்றதை அடுத்த நொடியே கொடுத்துவிடலாம். ஆனால் ஓரிரு செடிகளைக் குத்தியதும் நுனி கழுவப்பட்டுவிடும். குத்தாவிடினும் சில மணி நேரத்தில் ஆற்றல் போய்விடும். பூச்சி தோலுரித்தால் பழைய ஊசிவாயின் உறையோடு நச்சுயிரியும் கழன்றுவிடும். இதுவே நிலையாது பரவும் முறை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மேரியன் வாட்சனும் ராபர்ட்சும் 1939இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே நிலைத்தது, நிலையாதது என்னும் பாகுபாடு அறிவியலில் வேரூன்றியது. நோய்ச்செடியில் விடுமுன் சிறிது நேரம் பட்டினி கிடந்த அசுவினி நிலையாத நச்சுயிரியை மிகுதியாகப் பரப்புகிறது என்பதையும் வாட்சன் கண்டறிந்தார். பறந்து வந்து பசியோடு இறங்கும் சிறகுள்ள அசுவினி ஏன் அத்துணைத் தீங்கானது என்பதை இது விளக்குகிறது.

குருதியில் கலந்த நோய்

இனி வெள்ளை ஈயைக் காண்போம். ஈ என்னும் பெயர் பெற்றாலும் இது அசுவினிக்கே உறவான சாறுறிஞ்சிப் பூச்சி. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. இலையின் அடிப்புறத்தில் வாழ்வது. மிளகாய், தக்காளி ஆகியவற்றில் இலை மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருளச் செய்யும் பெகோமோ இன நச்சுயிரிகள் இதன்வழியே பரவுகின்றன.

இந்நச்சுயிரிகள் பெரும்பாலும் செடியின் உணவுச்சாறு ஓடும் புளோயக் குழாய்களில் மட்டுமே வாழ்கின்றன. எனவே மேல்தோலைச் சுவைபார்ப்பதால் வெள்ளை ஈக்கு ஒன்றும் கிட்டாது. ஊசிவாய் புளோயத்தை எட்டி, சாறு குடிக்க வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள், சிலபோது ஒரு மணி நேரமும் ஆகும். குடித்த சாற்றுடன் நச்சுயிரி குடலுக்குள் சென்று, குடற்சுவரைக் கடந்து, குருதியில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். தக்காளி மஞ்சள் இலைச்சுருள் நச்சுயிரியில் இப்பயணத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் ஆவதாக அளந்துள்ளனர். அதற்கு முன் அந்த ஈ எத்தனை செடிகளில் குடித்தாலும் நோய் பரவாது. பயணம் முடிந்தபின்போ பல வாரங்கள், பெரும்பாலும் ஆயுள் முழுதும், அது நோயைச் சுமக்கும். இதுவே நிலைத்துப் பரவும் முறை.

ஒரு காலைப்பொழுதின் கணக்கு

இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 8 மணிக்குச் சிறகுள்ள அசுவினி ஒன்று நோயுற்ற பழைய மிளகாய்ச் செடியில் இறங்கி இருபது நொடி குத்துகிறது என்க. 8:02க்கு அடுத்த செடியைக் குத்துகிறது, நோய் சென்றுவிட்டது. 8:05க்கு மூன்றாம் செடி. நோய் செல்லலாம், செல்லாமலும் போகலாம். 8:15க்குள் அது பெரும்பாலும் தூய்மையாகிவிடும். வெள்ளை ஈ ஒன்றும் அதே 8 மணிக்கு நோயுற்ற செடியில் குடிக்கத் தொடங்கி 9 மணிக்கு எழுகிறது. 10 மணிக்கும் நண்பகலுக்கும் அது அமரும் செடிகளுக்குத் தீங்கில்லை. அன்று மாலைக்குப் பின்னரோ மறுநாளோ தொடங்கி, தான் குடிக்கும் செடிக்கெல்லாம் அது நோயை வழங்கவல்லது.

இக்கணக்கிலிருந்து வேளாண்மைக்குரிய முடிவு தானே பிறக்கிறது. அசுவினியைக் கொல்லும் மருந்து செயற்பட நிமிடங்களோ மணிகளோ ஆகும். நோயோ நொடிகளில் சென்றுவிடுகிறது. இன்னும் கேடானது, சிலவகை மருந்து பட்ட அசுவினி அமைதியிழந்து செடிக்குச் செடி தாவி, முன்னினும் மிகுதியாகக் குத்துகிறது. மேலும், நோயைக் கொணர்வது அத்தோட்டத்தில் குடியிருக்கும் அசுவினியாக இருக்க வேண்டுவதில்லை. 1991இல் ஜொகூரில் காணப்பட்ட பப்பாளி வளையப்புள்ளி நோய் இதற்குச் சான்று. அசுவினிகள் பப்பாளியில் குடியேறிப் பெருகுவதில்லை. சுவைபார்த்து விலகும் வழிப்போக்கர்களே நோயை விதைத்துச் சென்றனர். இலையடியில் பூச்சியைத் தேடிக் காணாதவர், பூச்சியால் வந்த நோயன்று என முடிவு செய்தால் பிழைபடுவார்.

நிலையாத முறைக்கு எதிராகப் பயன்படுவது கொல்லுதல் அன்று. இறங்குவதையும் குத்துவதையும் தடுத்தலாம். பாத்தியின் மேல் வெள்ளிநிற நெகிழித்தாள் விரித்தால், வானொளியை அது கீழிருந்து மேலே திருப்புவதால் பறந்துவரும் அசுவினி இறங்குமிடம் அறியாது தடுமாறும். ஆனால் செடி வளர்ந்து தாளை மறைத்ததும் இப்பயன் குறையும். மிளகாயைச் சுற்றியோ இடையிலோ சோளம் நடுவது மற்றொன்று. மலேசியாவில் 1990களில் சோளத்தையும் கத்தரியையும் ஊடுபயிராக்கி ஆய்ந்துள்ளனர். இந்நச்சுயிரிக்கு இடந்தராத சோளத்தில் முதலில் குத்தும் அசுவினி, தன் ஊசிவாயை அங்கேயே துடைத்துவிட்டு வருகிறது. கனிம எண்ணெய்த் தெளிப்பும் ஒட்டுதலைக் குலைக்கும். எனினும் புதுத்தளிருக்கு எண்ணெய்ப்பூச்சு இராதாதலால் அடிக்கடி தெளிக்க நேரும்.

நிலைத்த முறையில் நிலைமை வேறு. வெள்ளை ஈ நெடுநேரம் குடித்தாக வேண்டும். எட்டு மணி நேரமேனும் உயிரோடிருந்தாக வேண்டும். ஆகையால் செடிக்குள் ஊடுருவும் மருந்து, தோட்டத்துக்குள் செடிக்குச் செடி பரவுவதை ஓரளவு தடுக்கும். வெளியிலிருந்து நோயோடு வரும் ஈயை அது முழுதும் தடுக்காது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் வெள்ளை ஈ அதற்குப் பழகிவிடுவதும் உண்டு. ஆதலால் நாற்றங்காலை நெருங்கிய கண்ணுள்ள வலைக்குள் வைத்து, இளஞ்செடியைக் காப்பதே முதன்மையான காவல். வடமாநிலமாகிய கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வெயிற்காலம் வெள்ளை ஈ பெருகுவதற்கு ஏற்றது. அப்போது நடும் நாற்றுக்குக் காவல் கூடுதலாக வேண்டும். வேலியோரத்தில் ஊதாநிறப் பூவோடு வளரும் அஜரேட்டம் களையில் நரம்பு மஞ்சளித்திருந்தால் அதனையும் களைய வேண்டும். அக்களையில் வாழும் நச்சுயிரி தக்காளிக்கும் தாவவல்லது.

நோயுற்ற செடியைப் பிடுங்குவதிலும் வேறுபாடுண்டு. நரம்புப் புள்ளி கண்ட செடியைக் கண்டவுடன் அகற்றுவதே நலம். மூலமற்ற தோட்டத்தில் அசுவினியிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. மஞ்சள் சுருள் கண்ட செடியை அசைத்துப் பிடுங்கினாலோ, நோயேந்திய ஈக்கள் எழுந்து அண்டைச் செடிகளில் அமரும். அதிகாலைக் குளிரில், ஈக்கள் மந்தமாயிருக்கும்போது, முழுச் செடியையும் பையால் மூடி வெட்டி அகற்ற வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

மாணவர்கள் அசுவினி என்றால் நிலையாதது, வெள்ளை ஈ என்றால் நிலைத்தது என மனனம் செய்துவிடலாகாது. முறையைத் தீர்மானிப்பது பூச்சி மட்டுமன்று, நச்சுயிரியும் ஆகும். வாழையின் முடிக்கொத்து நோயைப் பரப்புவது அசுவினியே என்று ஆஸ்திரேலியாவில் மேகி 1920களில் நிறுவினார். அது நிலைத்துப் பரவுவது. தமிழகத்தில் சிறுமலை, கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளில் விருப்பாட்சி மலைவாழையை நலிவித்தது அந்நோயே. நோயுற்ற கன்றையே நடுபொருளாகக் கொண்டுசென்றதும் அதன் பரவலுக்குத் துணைநின்றது.

இரண்டாவது, சுருண்ட இலையெல்லாம் நச்சுயிரியின் வேலையன்று. கண்ணுக்குப் புலனாகாத சிலந்திப்பேன் தாக்கினால் மிளகாய் இலை பெரும்பாலும் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறம் செம்பழுப்பாகித் தடிக்கும். இலைப்பேன் தாக்கினால் மேல்நோக்கி மடங்கும். இவற்றுக்குரிய மருந்து தெளித்தால் அடுத்து வரும் தளிர் நலமாக விரியும். நச்சுயிரி புகுந்த செடியிலோ ஒவ்வொரு புதுத்தளிரும் நோயோடுதான் பிறக்கும். எனவே ஐயம் எழுந்தால் பழைய இலையைப் பார்க்க வேண்டா. இரண்டு வாரம் பொறுத்துப் புதுத்தளிரைப் பார்க்க வேண்டும். அதுவரை அச்செடிக்கு வலை மூடி, அண்டைச் செடிகளினின்று பிரித்து வைத்தல் தக்கது. பள்ளித் தோட்டத்தில் ஆசிரியரும் மாணவரும் நாட்குறிப்புடன் செய்துபார்க்கத்தக்க ஆய்வு இது. மஞ்சள் அட்டையில் பசை தடவிச் செடியுயரத்தில் தொங்கவிட்டால், எந்த வாரத்தில் வெள்ளை ஈ வந்தது, எந்த வாரத்தில் சிறகுள்ள அசுவினி வந்தது என்பதும் அக்குறிப்பில் சேரும். அதன்பின் கடைக்குச் சென்று மருந்து வாங்குவதா, சோளவிதை வாங்குவதா என்பதை அந்த நாட்குறிப்பே சொல்லும்.