பதவி உயர்வுக்குப் பரிசு: யார் மனமும் கோணாமல்

பதவி உயர்வு ஆணை வந்த அன்றே அலுவலகத்தில் இரண்டு காரியங்கள் தொடங்கிவிடும். உயர்வு பெற்றவர் ஸ்வீட் வாங்க ஆள் அனுப்புவார். இன்னொரு பக்கம், பரிசு கொடுக்க யாராவது ஒருவர் வசூலில் இறங்குவார். முதல் காரியத்தில் சிக்கல் வருவது குறைவு. மனக்கசப்பு பெரும்பாலும் இரண்டாவதில்தான் கிளம்புகிறது. பாராட்ட நினைத்துக் கொடுத்த பரிசைப் பற்றி, ஆறு மாதம் கழித்தும் கேன்டீனில் குறையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

விலை கூடினால்தான் பொறாமை வரும் என்று பலர் நினைக்கிறோம். யார் யாரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதே இதில் முக்கியம். மனிதர்கள் தங்களுக்கு நிகரானவர்களோடுதான் தங்களை அதிகம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். பொது மேலாளருக்குக் கார் வாங்கிக் கொடுத்தாலும் கடைநிலை ஊழியருக்கு உறுத்தாது. பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பேனா கொடுத்தால் உறுத்தலாம். ஆகவே பரிசை முடிவு செய்வதற்கு முன், அந்தப் பிரிவில் உயர்வு பெற்றவருக்கு நிகராக இருந்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் ஒன்பது பேர்: ஒரு மேலாளர், இரண்டு மூத்த கணக்காளர்கள், ஐந்து இளநிலைக் கணக்காளர்கள், ஓர் அலுவலக உதவியாளர். மூத்த கணக்காளர்கள் இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவர்களில் அந்தப் பெண்மணிக்கு உதவி மேலாளர் பதவி கிடைக்கிறது. அவரோடு சேர்ந்த மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இடமாற்றமும் இல்லை. நாளை முதல் அதே அறையில் ஒருவர் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும்.

பரிசுக்கு முன் ஒரு பேச்சு

வசூல் தொடங்குவதற்கு முன், பதவி கிடைக்காதவரை மேலாளர் தனியாக அழைத்துப் பேசிவிட வேண்டும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அவருடைய வேலையில் எது நன்றாக இருந்தது, அடுத்த வாய்ப்பு எப்போது வரலாம் என்பதை அவர் மேலாளர் வாயால் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வாழ்த்து ஸ்டிக்கர்களைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. இதற்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி கொடுத்து, அதன் பிறகு பரிசளிப்பை வைத்துக்கொள்ளலாம்.

அதே மனிதரிடம், "நீங்கதான் சீனியர், நீங்களே வசூல் பண்ணிடுங்க" என்று பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று சொல்லாமலே விட்டுவிடுவதும் தவறு. மற்றவர்களிடம் எப்படிக் கேட்கிறோமோ அப்படியே அவரிடமும் கேட்க வேண்டும். "அடுத்தது நீங்கதான் சார்" என்று தேற்றும் வழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லும்போது, அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறந்திருந்தவர்களுக்கும் அது நினைவூட்டிவிடுகிறது.

வசூலை எப்படி நடத்துவது

மனக்கசப்புக்கு அடுத்த பெரிய காரணம் பட்டியல். பெயர், தொகை, கொடுத்தாரா இல்லையா என்று ஒரு தாள் மேசை மேசையாகச் சுற்றும். இப்போது அந்தத் தாள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. 200 ரூபாய் கொடுத்தவர் பெயருக்குக் கீழே 50 ரூபாய் என்று தன் பெயரைப் போட யாருக்கும் கூசும். மாதக் கடைசியில் இருப்பவர் கடன் வாங்கியாவது கொடுப்பார். அந்தக் கோபம் பரிசு வாங்கியவர் மேல்தான் திரும்பும்.

தொகையை முதலிலேயே ஒன்றாக வைத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம். நம் உதாரணத்தில் ஆளுக்கு 150 ரூபாய் போதும். மேலாளரும் அதே 150தான் தர வேண்டும். அவர் 1,000 ரூபாய் போட்டால் அது அவருடைய பரிசாகிவிடும், மற்றவர்கள் பெயருக்குச் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள். அலுவலக உதவியாளரிடம் வசூலிக்க வேண்டாம். ஆனால் வாழ்த்து அட்டையில் அவரும் எழுதட்டும். ஏழு பேரிடம் 1,050 ரூபாய் சேரும். ஒருவர் மட்டும் தனித்தனியாகப் பெற்றுக்கொண்டு, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வெளியே சொல்லாமல் இருந்தால் போதும்.

அரசு அலுவலகங்களில் இதற்கு விதியே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 14ஆம் விதி, பிரிவுபசார விருந்துக்குப் பணம் தரும்படி எந்த ஊழியரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. மேல்நிலையில் இருப்பவரின் விருந்துக்காகக் கீழ்நிலை ஊழியர்களிடம் எந்த நிலையிலும் வசூலிக்கக் கூடாது என்றும் தடை விதிக்கிறது. தனியார் நிறுவனத்துக்கு அந்த விதி பொருந்தாது. அதன் நியாயம் எங்கும் பொருந்தும்: மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம் கை நீட்டக் கூடாது.

எதை வாங்குவது

பரிசின் விலை குறித்து ஒரு பயனுள்ள ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்டது. விலை கூடக்கூட வாங்குபவரின் மகிழ்ச்சியும் கூடும் என்று பரிசு கொடுத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்களிடமோ அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. அலுவலகத்துக்கு இது நல்ல செய்தி. விலையைக் குறைத்தால் பாராட்டும் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

வெள்ளி விளக்கு, வெள்ளித் தட்டு போன்றவை அடுத்தவருக்கும் அதே அளவில் செய்தாக வேண்டும் என்ற கணக்கைத் தொடங்கிவைக்கும். சாமி சிலையை, பெறுபவரின் நம்பிக்கை தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது. ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினால், யார் போர்த்தவில்லை என்று கணக்கெடுப்பவர்கள் இருப்பார்கள். புதிய பதவியின் பெயரைப் பொறித்த கேடயமும் வேண்டாம். அது மேசையில் நின்று, பதவி கிடைக்காதவரின் கண்ணில் தினமும் படும். பெயர்ப்பலகை மாட்டுவது நிறுவனத்தின் வேலை.

அன்றாடம் பயன்படும், பதவியைப் பறைசாற்றாத பொருளே நல்லது. நம் கணக்காளர் தினமும் பஸ்ஸில் வருபவர் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய்க்குள் ஒரு நல்ல எவர்சில்வர் ஃபிளாஸ்க் வாங்கலாம். மீதி 250 ரூபாயில் ஒரு வாழ்த்து அட்டையும் எல்லோருக்குமாகக் கொஞ்சம் காரமும் வந்துவிடும். எது தேவை என்று அவரிடமே கேட்டுவிட்டாலும் தவறில்லை.

அட்டையில்தான் பரிசு இருக்கிறது

ஃபிளாஸ்க்கைவிட அந்த அட்டைக்கு அதிக நேரம் செலவிட வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த நீல்ஸ் வான் டி வென் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் பொறாமையை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, நாமும் உயர வேண்டும் என்று உந்துவது. மற்றது, அவரைக் கீழே இழுக்க வேண்டும் என்று தோன்றுவது. தகுதியில்லாமல் கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போது இரண்டாவது வகை தலைதூக்குகிறது. தகுதியால் கிடைத்தது என்று கண்ணெதிரே தெரியும்போது முதல் வகைக்கு வழி பிறக்கிறது.

ஆகவே அட்டையில் ஒவ்வொருவரும் தாங்கள் நேரில் பார்த்த ஒரு வேலையை எழுதட்டும். "அக்கா, ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தப்ப ரெண்டு வருஷத்துப் பில்லையும் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தீங்க" என்று ஓர் இளையவர் எழுதலாம். "நான் சேர்ந்த புதுசுல டேலி என்ட்ரியைத் தப்பாப் போட்டப்ப யாருக்கும் சொல்லாம திருத்தச் சொல்லிக் கொடுத்தீங்க" என்று இன்னொருவர் எழுதலாம். இதைப் படிப்பவருக்கு அவர் ஏன் உயர்ந்தார் என்பது தானாகப் புரியும். "எங்கள் எல்லோரிலும் சிறந்தவரே" என்று எழுதினால், அதே வரி மற்ற எட்டுப் பேரையும் ஒரு படி கீழே இறக்கிவிடும். பேசும்போதும் இதே முறைதான். ஒப்பீடு இல்லாமல், செய்த வேலையைச் சொல்லி, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

நெருங்கிய தோழி தனியாகப் பட்டுப்புடவை வாங்கித் தர ஆசைப்பட்டால் தரட்டும். ஆனால் வீட்டுக்குப் போய்த் தரட்டும். உயர்வு பெற்றவர் இனி அவருடைய வருடாந்திர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர். அலுவலகத்தில் வைத்துக் கொடுத்தால், அன்பில் கொடுத்ததையும் காக்கா பிடிப்பதாகத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். உயர்வு பெற்றவரும் தன் பங்குக்கு, ட்ரீட் என்றால் எல்லோரையும் அழைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கசப்பு வந்துவிட்டால்

"ஆறு வருஷம் முன்னாடி எனக்கு வந்தப்ப ஒரு டீகூட இல்லை" என்ற பேச்சு காதில் விழுந்தால், கசப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவரைச் சமாதானப்படுத்த அடுத்த பரிசைப் பெரிதாக்கினால் போட்டிதான் வளரும். அதற்குப் பதிலாக ஒரு பொது நிதி வைக்கலாம். எட்டுப் பேர் மாதம் 50 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 4,800 ரூபாய் சேரும். பதவி உயர்வுக்கு 1,000 ரூபாய், கல்யாணத்துக்கு இவ்வளவு, பணி ஓய்வுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், யாருக்கு எவ்வளவு செய்வது என்ற கேள்வியே எழாது. பணம் போடாத அலுவலக உதவியாளருக்கும் அதே தொகைதான்.

ஒன்றை மட்டும் எந்தப் பரிசாலும் செய்ய முடியாது. பதவி உயர்வே நியாயமாக நடக்கவில்லை என்று பிரிவில் பலரும் நினைத்தால், அதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் விழாவைப் பெரிதாக்காமல், வாழ்த்தும் ஸ்வீட்டுமாக முடித்துக்கொள்வது நல்லது. மற்ற நேரங்களில், அடுத்த உயர்வு ஆணை வருவதற்குள் உங்கள் பிரிவில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்துவிடுங்கள். யாருக்கு உயர்வு வரப்போகிறது என்று தெரியாத நாளில் எடுக்கும் முடிவை யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.